முடித்த கிளெய்ம் கோப்புகள்: தாமதத்தையும் சொற்பிழையையும் தணிக்கைக் குறிப்பில் எழுதும் முறை

காப்பீட்டு நிறுவனத்தின் கிளெய்ம் பிரிவுக்குத் தணிக்கையாளராகப் புதிதாக வருபவருக்குப் பெரும்பாலும் முதலில் தரப்படும் வேலை ஒன்று உண்டு. முடித்து வைக்கப்பட்ட கோப்புகளில் சிலவற்றை மாதிரியாக எடுத்துப் படித்து, எங்கே தாமதம் நேர்ந்தது, பாலிசிதாரருக்குப் போன கடிதங்களில் எந்தச் சொற்கள் பிழையாக இருந்தன என்று இரண்டு பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதித் தர வேண்டும். வேலை எளிதாகத் தோன்றும். ஆனால் கணினி தரும் நாள் கணக்கை அப்படியே எடுத்து எழுதினால், 74 நாள் காத்திருந்த ஒருவரின் கோப்புகூட ‘இலக்குக்குள் முடிந்தது’ என்ற பட்டியலில் சேர்ந்துவிடும். அது எப்படி நேர்கிறது, அதைக் குறிப்பு எவ்வாறு வெளிக்கொண்டுவர வேண்டும் என்பதையே இந்தக் கட்டுரை விளக்குகிறது. இதில் வரும் கோப்பும் எண்களும் விளக்கத்துக்காக அமைத்தவை.

மாதிரியை எடுப்பது

முதலில், எந்தக் காலத்தில் முடிந்த, எந்த வகைக் கோரிக்கைகளைப் பார்க்கிறோம் என்பதை ஒரே வாக்கியத்தில் வரையறுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் காப்பீட்டில் நீரால் ஏற்பட்ட சேதம் தொடர்பாக, கடந்த ஆறு மாதங்களில் முடிக்கப்பட்ட 620 கோப்புகள் என்று வைத்துக்கொள்வோம். இவற்றில் 560 கோப்புகளில் பணம் வழங்கப்பட்டது; 60 கோப்புகளில் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. முழுப் பட்டியலையும் கணினியிலிருந்து நீங்களே எடுத்து, கோப்புகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுங்கள். கோரிக்கையைக் கையாண்ட அலுவலரிடமோ அவருடைய மேலாளரிடமோ ‘நாற்பது கோப்பு கொடுங்கள்’ என்று கேட்டுப் பெறக் கூடாது. நல்லெண்ணத்துடனேயே அவர்கள் ஒழுங்காக இருக்கும் கோப்புகளைத்தான் எடுத்துத் தருவார்கள்.

சொற்பிழையால் அதிகக் கேடு விளைவது நிராகரிப்புக் கடிதங்களில்தான். எனவே அவற்றை விகிதத்துக்கு மேல் எடுப்பது நியாயமானது. பணம் வழங்கியவற்றில் 25, நிராகரித்தவற்றில் 15 என மொத்தம் 40 கோப்புகளை எடுக்கிறோம் என்று கொள்வோம். அப்படி எடுத்தால் இரு பிரிவுகளின் முடிவையும் கூட்டி ஒரே சதவீதமாகச் சொல்லக் கூடாது. பணம் வழங்கிய 25-இல் 2 கோப்புகளிலும் நிராகரித்த 15-இல் 5 கோப்புகளிலும் பிழை இருந்தால், ‘40-இல் 7, அதாவது 17.5 சதவீதம்’ என்று எழுதத் தோன்றும். ஆனால் மொத்தக் கோப்புகளில் நிராகரிக்கப்பட்டவை பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒவ்வொரு பிரிவுக்கும் அதற்குரிய எடையைக் கொடுத்துக் கணக்கிட்டால் முழுத் தொகுதிக்கான மதிப்பீடு ஏறக்குறைய 10 சதவீதம்தான். குறிப்பில் இந்த 10-ஐயும் போட வேண்டியதில்லை என்பது என் கருத்து. ‘நிராகரிப்புக் கடிதங்களில் 15-க்கு 5, வழங்கல் கடிதங்களில் 25-க்கு 2’ என்று தனித்தனியாக எழுதினால் படிப்பவருக்கு உண்மை நிலை நேராகப் புரியும். இவ்வளவு சிறிய மாதிரியிலிருந்து துல்லியமான சதவீதம் சொல்லும் ஆசையும் அடங்கும்.

தாமதத்தை அளப்பது

தாமதத்தை அளக்க வேண்டிய முறை இதுதான்: ஒவ்வொரு கோப்பின் காலத்தையும் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின்போதும் கோப்பு யாருடைய கையில் இருந்தது என்று எழுத வேண்டும். நிறுவனம், சேதத்தை நேரில் பார்த்து மதிப்பிடும் சர்வேயர், பாலிசிதாரர் என்று மூன்று கைகள் போதும். ஒரு கோப்பை முழுமையாகப் பார்ப்போம்.

ஒரு வீட்டின் சுவருக்குள் ஓடிய குழாய் கசிந்து தரையும் மர அலமாரியும் கெட்டுப்போயின. மார்ச் 3 அன்று பாலிசிதாரர் தகவல் கொடுத்தார். மறுநாள் ஒப்புகைக் கடிதம் போனது. மார்ச் 6 அன்று சர்வேயர் நியமிக்கப்பட்டார். அவர் மார்ச் 9 அன்று வீட்டைப் பார்த்தார். அவருடைய அறிக்கையில் மார்ச் 20 என்று தேதியிருக்கிறது. அது நிறுவனத்துக்கு வந்தது மார்ச் 23. அதன் பிறகு ஏப்ரல் 8 வரை கோப்பில் எந்தப் பதிவும் இல்லை. ஏப்ரல் 8 அன்று, அலமாரி வாங்கிய ரசீதையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் கேட்டு ஒரு கடிதம் போனது. ஏப்ரல் 15 அன்று இரண்டும் வந்துவிட்டன. ஏப்ரல் 22 அன்று, குழாயைச் சரிசெய்த பிளம்பரின் அறிக்கை வேண்டும் என்று இன்னொரு கடிதம் போனது. அது மே 2 அன்று வந்தது. மே 9 அன்று தொகை முடிவானது. கடிதத்தின் தேதியும் மே 9. ஆனால் அனுப்புகைப் பதிவேட்டின்படி அது வெளியே போனது மே 14. பணம் மே 16 அன்று கணக்கில் சேர்ந்தது.

தகவல் கொடுத்ததிலிருந்து பணம் சேரும் வரை 74 நாள். அந்த நிறுவனத்தின் உள் இலக்கு, கடைசி ஆவணம் வந்த பிறகு 10 நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்பது. கடைசி ஆவணம் மே 2, முடிவு மே 9. ஆகவே கணினி இந்தக் கோப்பை ‘7 நாள், இலக்குக்குள்’ என்று காட்டுகிறது. கணக்கு பொய்யில்லை. அது அளக்கத் தொடங்கும் இடம்தான் சிக்கல்.

இப்போது துண்டுகளைப் பார்ப்போம். சர்வேயரை நியமிக்க நிறுவனம் எடுத்தது 3 நாள். சர்வேயரின் அறிக்கை வந்து சேர 17 நாள். அறிக்கை வந்த பின் யாரும் தொடாமல் கிடந்தது 16 நாள். முதல் ஆவணங்களுக்குப் பாலிசிதாரர் எடுத்தது 7 நாள். வந்தவற்றைப் பார்த்து இரண்டாம் கடிதம் எழுத நிறுவனம் எடுத்தது 7 நாள். பிளம்பர் அறிக்கைக்குப் பாலிசிதாரர் எடுத்தது 10 நாள். முடிவெடுக்க 7 நாளும், எழுதிய கடிதம் வெளியே போக 5 நாளும், பணம் சேர 2 நாளும் ஆயின. நிறுவனத்தின் கையில் மட்டும் 40 நாள். சர்வேயர் கையில் 17. பாலிசிதாரர் கையில் 17.

இங்கே நிறுத்திவிட்டால் பாலிசிதாரருக்கு அநியாயம் செய்தவர்களாவோம். அவர் கையில் இருந்ததாகச் சொல்லும் 17 நாளில் 10 நாள் பிளம்பர் அறிக்கைக்கானது. மார்ச் 23 அன்றே வந்துவிட்ட சர்வேயர் அறிக்கையைத் திறந்து பார்த்தால், ‘கசிவின் காரணத்தை உறுதிசெய்ய, பழுது பார்த்தவரின் அறிக்கை தேவை’ என்று அதில் எழுதியிருக்கிறது. ஆகவே ஏப்ரல் 8 அன்று போன முதல் கடிதத்திலேயே அதையும் சேர்த்துக் கேட்டிருக்கலாம். அப்படிக் கேட்டிருந்து, பாலிசிதாரர் அதே 10 நாள் எடுத்திருந்தாலும், எல்லா ஆவணங்களும் ஏப்ரல் 18-இல் வந்து சேர்ந்திருக்கும். மே 2 வரை தள்ளிப்போன 14 நாளும் ஆவணத்தைத் தவணை முறையில் கேட்டதால் வந்தவை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இரண்டாம் கடிதம் போனதால் ‘கடைசி ஆவணம் வந்த நாள்’ பின்னால் நகர்ந்தது; அதனாலேயே இலக்கும் எட்டப்பட்டதாகத் தெரிகிறது. தாமதத்தை உண்டாக்கும் செயலே தாமதத்தை மறைக்கவும் செய்கிறது. கணினி அறிக்கை எவ்வளவு நாள் பார்த்தாலும் இதைக் காட்டாது; கோப்பைப் படிப்பவர்தான் காட்ட முடியும்.

எனவே ஒவ்வொரு கோப்பிலும், இரண்டாவது முறை கேட்ட ஆவணத்தைப் பற்றி ஒரே ஒரு கேள்வியை எழுப்புங்கள்: இது தேவை என்பது முதல் கடிதம் எழுதிய நாளில் நிறுவனத்துக்குத் தெரிந்திருக்க முடியுமா? முடியும் என்றால், எந்தத் தாளின் எந்தப் பத்தியில் அது இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். முடியாது என்றால், அதாவது முதல் ஆவணத்தைப் பார்த்த பிறகே புதிய ஐயம் எழுந்திருந்தால், அது நியாயமான இரண்டாம் கேள்வி. அதைக் குறையாக எழுதக் கூடாது.

தேதிகளை எடுக்கும்போது மூன்று இடங்களில் தவறு நேரும். கடிதத்தில் அச்சாகியிருக்கும் தேதியை அனுப்பிய தேதியாகக் கொள்வது முதலாவது. மேற்கண்ட கோப்பில் அந்த ஒரு தவறே 5 நாளை விழுங்கியிருக்கும். ஆகவே அனுப்புகைப் பதிவேட்டையோ மின்னஞ்சல் சென்ற நேரத்தையோ பாருங்கள். ஆவணம் வந்த தேதிக்குப் பதில் அதை ஸ்கேன் செய்து ஏற்றிய தேதியை எடுப்பது இரண்டாவது. வேலை நாட்களையும் மொத்த நாட்களையும் கலப்பது மூன்றாவது. பாலிசிதாரர் காத்திருப்பது மொத்த நாட்களில்தான். ஆதலால் குறிப்பில் மொத்த நாட்களையே பயன்படுத்தி, உள் இலக்கு வேலை நாட்களில் இருந்தால் அதை மட்டும் தனியே சொல்லுங்கள்.

நாற்பது கோப்புகளுக்கும் இப்படிப் பிரித்த பின், சராசரியை மட்டும் எழுதாதீர்கள். ஓராண்டு இழுத்த ஒரு கோப்பு சராசரியைத் தூக்கிவிடும். ஒவ்வொரு பிரிவின் கோப்புகளையும் தனித்தனியே நாள் வரிசையில் அடுக்கி நடுவில் நிற்பதன் நாள் கணக்கையும், மிக நீண்டதன் நாள் கணக்கையும், கோப்பு தொடப்படாமல் கிடந்த மிகப் பெரிய இடைவெளியையும் கொடுத்தால் போதும். மேலாளருக்கு அதிகம் பயன்படுவது இந்த மூன்றில் கடைசியானது. இடைவெளிகள் பெரும்பாலும் ஒரே கட்டத்தில் வந்து குவியும். சர்வேயர் அறிக்கை வந்த பிறகு கோப்பு கிடக்கிறது என்று பத்துக் கோப்புகள் சொன்னால், அறிக்கை வந்ததை அலுவலருக்குத் தெரிவிக்கும் ஏற்பாடே இல்லை என்ற காரணம் அங்கே இருக்கக்கூடும். போய்க் கேட்டு உறுதிசெய்த பிறகு எழுதுங்கள்.

சொற்பிழையைத் தேடுவது

எழுத்துப்பிழை, பெயர்ப்பிழை எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் போட்டால் முக்கியமானது மறைந்துவிடும். முடிவையே மாற்றக்கூடிய பிழை, பாலிசிதாரர் தம் உரிமையைத் தவறாகப் புரிந்துகொள்ளச் செய்யும் பிழை, வெறும் வடிவப் பிழை என்று மூன்றாகப் பிரியுங்கள். கடைசி வகையைப் பிற்சேர்க்கையில் வைத்துவிட்டு, முதல் இரண்டுக்கும் குறிப்பில் இடம் கொடுங்கள்.

நிராகரிப்புக் கடிதத்தைச் சோதிக்க அதனுடன் பாலிசியின் விதிகளையும் மேசையில் வைத்துக்கொள்ள வேண்டும். எந்தப் பதிப்பு என்பதே இங்கு முதல் கேள்வி. சேதம் நேர்ந்த நாளை உள்ளடக்கிய பாலிசிக் காலத்துக்கு வழங்கப்பட்ட விதிப் பதிப்பே பொருந்தும். கடிதம் எழுதிய நாளில் வழக்கில் இருந்த பதிப்பும், நிறுவனத்தின் தளத்தில் இப்போது கிடைக்கும் பதிப்பும் வேறாக இருக்கலாம். இடையில் பாலிசி புதுப்பிக்கப்பட்டிருந்தால் இந்த வேறுபாடு எளிதில் கண்ணில் படாது.

மாதிரியில் வந்த வேறொரு கோப்பின் நிராகரிப்புக் கடிதம் இப்படிச் சொல்கிறது: ‘விதி 4.2-இன்படி, படிப்படியாக ஏற்படும் கசிவால் விளையும் சேதத்துக்கு இழப்பீடு வழங்க இயலாது.’ விதி எண் சரிதான். வாக்கியமும் பழைய பதிப்பின்படி சரியானதே. ஆனால் பொருந்தக்கூடிய புதிய பதிப்பில் அதே விதி, ‘சுவருக்குள்ளோ தரைக்கடியிலோ மறைந்திருக்கும் குழாயில் ஏற்பட்டு, பாலிசிதாரர் அறிந்திருக்க வாய்ப்பில்லாத கசிவு நீங்கலாக’ என்று தொடர்கிறது. சர்வேயர் அறிக்கையோ குழாய் சுவருக்குள் இருந்தது என்று கூறுகிறது. வெட்டப்பட்ட அந்தப் பின்பாதிதான் பாலிசிதாரருக்குப் பணம் பெற்றுத் தந்திருக்கக்கூடிய பகுதி. கடிதம் அதைச் சொல்லாததால், மறுபரிசீலனை கேட்கலாம் என்றுகூட அவருக்குத் தோன்றியிருக்காது.

இப்படிப்பட்ட பிழையைக் கண்டதும் குறிப்பு முடியும் வரை காத்திருக்காதீர்கள். அன்றே மேலாளரிடம் எழுத்தில் தெரிவித்து, கோப்பை மீண்டும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பணம் தர வேண்டுமா என்பதைத் தணிக்கையாளர் முடிவு செய்வதில்லை. ஆனால் கோப்பு மறுபடி பார்க்கப்பட வேண்டும் என்று சொல்வது அவருடைய கடமை.

அடுத்து, அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள். அலுவலர் தாமே எழுதியதா, கடித வார்ப்பில் ஏற்கெனவே இருந்ததா? வேறு வேறு அலுவலர்களின் கடிதங்களில் ஒரே வாக்கியம் எழுத்து மாறாமல் இருந்தால், வார்ப்பே காரணம் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். வார்ப்பைக் கடைசியாகத் திருத்திய தேதி, புதிய விதிப் பதிப்பு நடைமுறைக்கு வந்த தேதிக்கு முந்தியதா என்று பாருங்கள். முந்தியதாக இருந்தால், பிழை மாதிரியோடு நிற்காது. புதிய பதிப்பு வந்த நாளிலிருந்து அந்த வார்ப்பில் போன எல்லாக் கடிதங்களையும் கணினியில் தேடி எடுக்கும்படி பரிந்துரைக்க வேண்டும். சதவீதக் கணக்கு இங்கே தேவையே இல்லை. பாதிக்கப்பட்டிருக்கக்கூடிய கோப்புகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம்.

இரண்டாம் வகைப் பிழைக்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். பகுதித் தொகை அனுப்பும் கடிதத்தில் ‘முழு மற்றும் இறுதித் தீர்வாக’ என்ற சொற்கள் வந்துவிட்டால், மீதிக்கு வழியில்லை என்று பாலிசிதாரர் நினைத்துக்கொள்வார். நிராகரிப்புக் கடிதத்தில், முடிவை ஏற்காவிட்டால் யாருக்கு, எவ்வளவு காலத்துக்குள் எழுதலாம் என்ற பத்தி விடுபட்டிருப்பது மற்றொன்று. முதலாவது கண்ணில் படும்; இரண்டாவது இல்லாத ஒன்று என்பதால் படிக்கும்போது தப்பிவிடும். ஆகவே, கடிதத்தில் கட்டாயம் இருக்க வேண்டிய பகுதிகளின் பட்டியலை முன்னால் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

குறிப்பை எழுதுவது

முதல் பத்தியிலேயே கண்டதைச் சொல்லிவிடுங்கள். மாதிரி எடுத்த முறை பற்றிய விவரம் இரண்டாம் பத்திக்குப் போகலாம். முதல் பத்தி இப்படி அமையலாம்:

‘பணம் வழங்கிய 25 கோப்புகளில் 11-இல், முதல் கடிதத்திலேயே கேட்டிருக்கக்கூடிய ஆவணம் பின்னர் தனியாகக் கேட்கப்பட்டுள்ளது. இந்தக் கோப்புகள் அனைத்தும் உள் இலக்கை எட்டியதாகப் பதிவாகியுள்ளன. நிராகரிப்புக் கடிதங்கள் 15-இல் 3, பொருந்தாத பழைய விதிப் பதிப்பை மேற்கோள் காட்டுகின்றன. மூன்றும் ஒரே கடித வார்ப்பிலிருந்து வந்தவை. அவற்றுள் ஒரு கோப்பில் முடிவே மாறக்கூடும் என்பதால், அது மறுபரிசீலனைக்கு அனுப்பப்பட்டுள்ளது.’

இதைப் படித்த மேலாளர் மீதியைப் படிக்காமல் போனாலும் செய்ய வேண்டியது என்ன என்று அவருக்குத் தெரிந்துவிடும். தொடர்ந்து, ஒரு கோப்பின் கால வரிசையை மட்டும் முழுமையாகக் கொடுங்கள். மேலே பார்த்த 74 நாள் கோப்பு அதற்கு ஏற்றது. நாற்பதையும் விவரிப்பதை விட, ஒன்றை நாள் நாளாகக் காட்டுவதே படிப்பவரை நம்ப வைக்கும். சொற்பிழைக்கு, கடிதத்தில் இருந்த வாக்கியத்தையும் பொருந்தும் விதியின் வாக்கியத்தையும் அடுத்தடுத்து அப்படியே மேற்கோளாகக் கொடுங்கள். உங்கள் சொற்களில் சுருக்கினால் ‘நாங்கள் அப்படிச் சொல்லவில்லை’ என்ற வாதம் கிளம்பும்.

தணிக்கையாளரின் சொற்களும் இதே அளவு கவனத்துக்குரியவை. ‘மார்ச் 23 முதல் ஏப்ரல் 8 வரை எந்த வேலையும் நடக்கவில்லை’ என்று எழுத உங்களிடம் ஆதாரம் இல்லை. அலுவலர் தொலைபேசியில் பேசிவிட்டுப் பதிவு செய்யாமல் விட்டிருக்கலாம். ‘கோப்பில் எந்தச் செயலும் பதிவாகவில்லை’ என்பதே நீங்கள் அறிந்தது. அதே போல ‘அலட்சியத்தால்’, ‘வேண்டுமென்றே’ என்ற சொற்களுக்குக் குறிப்பில் இடமில்லை. கோப்பு ஒருவரின் மனத்தைக் காட்டாது. அலுவலரின் பெயரையும் எழுத வேண்டாம். கோப்பு எண் போதும். பெயர் வந்தவுடன் பேச்சு நடைமுறையை விட்டு மனிதரின் மேல் திரும்பிவிடும். வார்ப்பு திருத்தப்படாமலே கிடக்கும்.

வரைவு முடிந்ததும், கண்டவற்றை அந்தந்தக் கோப்பைக் கையாண்டவரிடம் காட்டி, உண்மை விவரங்களில் பிழை உண்டா என்று கேளுங்கள். ஒரு வாரம் அவகாசம் போதும். அவர் புதிய ஆதாரம் காட்டினால் திருத்துங்கள். ஆதாரமில்லாமல் கருத்து வேறுபட்டால், அவருடைய கருத்தைச் சுருக்கமாகக் குறிப்பிலேயே சேர்த்துவிட்டு உங்கள் முடிவை வைத்துக்கொள்ளுங்கள்.

பரிந்துரைகள் குறைவாக இருக்கட்டும். ‘அலுவலர்கள் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும்’ என்பது பரிந்துரை ஆகாது. அது நிறைவேறியதா என்று யாராலும் சரிபார்க்க முடியாது. இந்தக் குறிப்புக்கு மூன்று போதும். ஆவணம் கேட்கும் முதல் கடிதம் எழுதும் முன், சர்வேயர் அறிக்கையில் கேட்கப்பட்டவை எல்லாம் அதில் சேர்க்கப்பட்டனவா என்று அலுவலர் கோப்பில் ஒரு வரி பதிய வேண்டும். விதிப் பதிப்பு மாறும்போது, கடித வார்ப்புகள் திருத்தப்பட்டன என்று ஒருவர் கையொப்பமிடாமல் புதிய பதிப்பு நடைமுறைக்கு வரக் கூடாது. பழைய வார்ப்பில் போன நிராகரிப்புகள் அனைத்தும் மறுபடி பார்க்கப்பட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பொறுப்பான பதவியையும் முடிக்க வேண்டிய தேதியையும் எதிரே எழுதுங்கள்.

இலக்கைப் பற்றியும் ஒரு வரி தேவை. கடைசி ஆவணத்திலிருந்து எண்ணும் அளவை எடுத்துவிடச் சொல்ல வேண்டாம். பாலிசிதாரர் ஆவணம் தராமல் இழுத்த கோப்புகளில் அது நிறுவனத்துக்கு நியாயம் செய்கிறது. அதன் பக்கத்திலேயே, தகவல் வந்த நாளிலிருந்து பணம் சேர்ந்த நாள் வரையிலான மொத்த நாளையும், ஆவணம் எத்தனை முறை கேட்கப்பட்டது என்ற எண்ணையும் மாத அறிக்கையில் சேர்க்கச் சொல்லுங்கள். இந்த இரண்டையும் பெரும்பாலும் கோப்பில் ஏற்கெனவே உள்ள தேதிகளைக் கொண்டே கணக்கிட்டுவிடலாம்.

பரிந்துரைகள் நடைமுறைக்கு வந்து சில மாதம் ஆன பின், மாற்றத்துக்குப் பிறகு தொடங்கப்பட்ட கோப்புகளிலிருந்து மட்டும் புதிய மாதிரி ஒன்றை எடுத்து அதே கேள்விகளைக் கேளுங்கள். முடிந்த தேதியை வைத்துத் தேர்ந்தெடுத்தால், பழைய வழக்கப்படி பாதி நடந்துவிட்ட கோப்புகளும் கலந்துவிடும். மாற்றம் பலன் தந்ததா இல்லையா என்பதை அந்த மாதிரியிலிருந்து சொல்ல முடியாது.